பேட் டச் என்றால் என்ன என்று பேத்திக்குத் தெரியுமா?

இப்போதெல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகூட 'குட் டச், பேட் டச்' என்று ஒப்பிக்கிறது. பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், நம் கடமை முடிந்தது என்று வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாக இருக்கிறோம். தஞ்சாவூர் ஜில்லாவில் முப்பத்து மூன்று வருஷம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அந்த இரண்டு வார்த்தையும் சின்னப் பிள்ளைகளுக்குப் போதாது. பல சமயம் குழப்பவும் செய்யும். அவற்றுக்குப் பதிலாக எளிய விதிகளாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஏற்றவர்கள் தாய் தகப்பனோடு நம்மைப்போல வீட்டோடு இருக்கிற தாத்தா பாட்டிகளும்தான்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முறை, "கெட்ட தொடுதல்னா என்ன?" என்று கேட்டேன். ஒரு பையன் சட்டென்று எழுந்து, "நர்ஸம்மா ஊசி போடுறது டீச்சர்" என்றான். இன்னொருத்தி, "அண்ணன் கொட்டு வைக்கிறது" என்றாள். "நல்ல தொடுதல்?" என்று கேட்டதற்கு, "கிச்சுகிச்சு மூட்டுறது" என்று வகுப்பே சிரித்தது. அவர்கள் பதிலில் தப்பே இல்லை. வலித்தால் கெட்டது, சிரிப்பு வந்தால் நல்லது. அந்த வயதில் 'நல்ல', 'கெட்ட' என்பதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பிள்ளையிடம் தப்பாக நடக்க நினைப்பவன் முதல் நாளே வலிக்கிற மாதிரி எதுவும் செய்யமாட்டான். மிட்டாய் வாங்கித் தருவான், மடியில் உட்காரவைத்துக் கதை சொல்வான், விளையாட்டுப்போலத் தொடுவான். அது பிள்ளைக்குப் பிடித்தும் போகலாம். அப்படியானால் அது 'குட் டச்' கணக்கில் போய்விடுகிறது. பின்னால் ஏதோ சரியில்லை என்று தெரிந்தாலும், 'கெட்டது நடந்திருக்கு, அப்போ நான் கெட்ட பிள்ளை' என்று அது நினைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் 'கெட்ட' என்ற சொல்லை அடிக்கும்போதும் திட்டும்போதும்தானே பிள்ளை கேட்டிருக்கிறது?

இது என் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவில் சாண்டி உர்ட்டெல் என்ற உளவியல் அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு முறைகளையும் சோதித்து 1989-இல் வெளியிட்டார்கள். தொடுதல் எப்படி இருக்கிறது என்று உணர்ச்சியை வைத்துக் கற்ற பிள்ளைகளைவிட, இன்ன இடத்தை இன்னார் தொடக்கூடாது என்று விதியாகக் கற்ற பிள்ளைகள் தப்பான சூழ்நிலையைச் சரியாக அடையாளம் கண்டார்கள்.

சரி, விதி என்றால் என்ன? நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: "ஜட்டியும் பனியனும் மூடுற இடம் உனக்கு மட்டும் சொந்தமான இடம். வாயும் அப்படித்தான். அதை யாரும் தொடக்கூடாது, பார்க்கணும்னு கேட்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. அவங்களோடதைத் தொடச் சொல்லவும் கூடாது. உன்னைச் சுத்தமா வைக்கிறதுக்கும், உடம்பு சரியில்லாதப்ப பார்க்கிறதுக்கும் மட்டும்தான் தொடலாம். டாக்டர் பார்த்தாலும் அம்மாவோ அப்பாவோ கூட இருப்பாங்க. யாராவது இதை மீறினா எங்ககிட்ட சொல்லு. உன் மேல தப்பே இல்ல."

இதில் நல்லது கெட்டது என்ற தீர்ப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜட்டி எங்கே இருக்கிறது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தொட்டவர் சிரித்துக்கொண்டே தொட்டாரா, வலித்ததா, பிடித்ததா என்றெல்லாம் அது யோசிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஜட்டி விதி என்றே பெயர் வைத்து 2010 முதல் இதைப் பரப்புகிறார்கள். நம் ஊரில் 2012-இல் ஆமிர் கான் 'சத்யமேவ ஜெயதே' நிகழ்ச்சியில் பிள்ளைகளை உட்காரவைத்து, உடம்பில் கவனமாக இருக்க வேண்டிய மூன்று இடங்களைப் படம் போட்டுக் காட்டியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. பிள்ளைகளும் பயப்படாமல் பதில் சொன்னார்கள்.

அடுத்தது, அந்த இடங்களுக்குப் பெயர். இங்கேதான் நம் தலைமுறைக்கு வாய் வராது. கண், காது, மூக்கு என்று அழகாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே வந்ததும் 'சீ', 'ஷேம் ஷேம்' என்கிறோம். இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு செல்லப் பெயர். செல்லப் பெயர் தப்பில்லை, ஆனால் அது வெளியாருக்குப் புரிய வேண்டும். ஒரு வீட்டில் அதற்கு 'லட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை வகுப்பில், "அந்த மாமா என் லட்டைத் தொட்டுட்டாங்க" என்றால் டீச்சர் என்ன சொல்வார்? "பரவாயில்லடா, வேற லட்டு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளை சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, கேட்டவருக்குத்தான் விளங்கவில்லை. 'ஒன்னுக்குப் போற இடம்', 'வெளிக்குப் போற இடம்', 'மார்பு' என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். யாரிடம் சொன்னாலும் புரியும். பெரிய பிள்ளையானதும் புத்தகத்தில் இருக்கிற சொற்களைத் தானே கற்றுக்கொள்ளும்.

'ஷேம் ஷேம்' என்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். உடுத்திக்கொள்ளப் பழக்க, "இது உன் சொந்த இடம், மூடி வெச்சுக்கலாம்" என்று சொன்னாலே போதும். அந்த இடமே வெட்கக்கேடு என்று பழகிய பிள்ளை, அங்கே ஏதாவது நடந்தால் அதைச் சொல்லவும் வெட்கப்படும்.

"இதையெல்லாம் சொன்னா பிஞ்சு மனசு பயந்துடாதா?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பயம் வருவது விஷயத்தால் அல்ல, நாம் சொல்லும் விதத்தால். சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுக்கும்போது லாரியில் அடிபட்டவர் படத்தைக் காட்டுகிறோமா? "வலப்பக்கம் பாரு, இடப்பக்கம் பாரு, கையைப் பிடிச்சுக்கோ" என்கிறோம். தினமும் சொல்கிறோம், பிள்ளையும் பயப்படாமல் கேட்டுக்கொள்கிறது. கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015-இல் பல நாடுகளின் பள்ளிகளில் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இப்படிச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்கு விவரம் கூடியிருந்தது. பயமோ பதற்றமோ கூடியதாகத் தெரியவில்லை.

பயப்படவைப்பது நம்முடைய பூச்சாண்டிப் பேச்சு. "கண்டவன் கூப்பிட்டா போகாதே, தூக்கிட்டுப் போயிடுவான்" என்பது பிள்ளையைத் தெருவுக்குப் பயப்பட வைக்கிறது. ஆனால் ஆபத்து பெரும்பாலும் தெருவில் இல்லை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதை நம்பி ஒப்படைத்தவர்கள். பூச்சாண்டி முகம் எப்படி இருக்கும் என்று பிள்ளை கற்பனை செய்துவைத்திருக்கும். டியூஷன் வாத்தியாரோ பக்கத்து வீட்டு மாமாவோ அந்த முகத்தில் வரமாட்டார்கள். அதனால் ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்ல வேண்டும். 'யாராக இருந்தாலும்' என்ற ஒரு சொல் போதும்.

என் மகள்வயிற்றுப் பேத்திக்கு ஐந்து வயது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த விதத்தை எழுதுகிறேன், உங்களுக்கு உதவலாம். முதலில் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் பேசி, மூன்று பேரும் ஒரே வார்த்தைகளைச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டோம். முதல் நாள் குளிப்பாட்டும்போது, "முதுகு அம்மாச்சி தேய்ச்சு விடுறேன். ஒன்னுக்குப் போற இடத்தை நீயே கழுவு, அது உன் சொந்த இடம்" என்றேன். அவ்வளவுதான், இரண்டு நிமிஷம். அடுத்த நாள் துணி மாட்டும்போது, "ஜட்டி மூடுற இடத்தை யாராவது தொட்டா என்ன பண்ணுவ?" என்றேன். "அம்மா தொடுவாங்களே?" என்றாள். "எதுக்கு?" "கழுவி விட." "அது சுத்தம் பண்ண. வேற எதுக்காவது யாராவது தொட்டா?" யோசித்துவிட்டு, "வேணாம்னு சொல்வேன், உங்ககிட்ட வந்து சொல்வேன்" என்றாள். "அவங்க ரொம்ப நல்லவங்களா இருந்தா?" அதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. "யாரா இருந்தாலும் சொல்லலாம். தாத்தாவா இருந்தாலும், டீச்சரா இருந்தாலும்" என்றேன். "தாத்தாவா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பேச்சு அத்துடன் முடிந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் 'அப்போ என்ன பண்ணுவ?' விளையாட்டு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாக் கேள்வியும் தொடுதலைப் பற்றியே இருக்கக்கூடாது. அடுப்பில் பால் பொங்கினால் என்ன பண்ணுவ? கோயில் திருவிழாவில் அம்மாவைக் காணோம்னா? தெருநாய் துரத்தினால்? நடுவில் ஒன்று: ஒருத்தர் செல்போனைக் காட்டி, சட்டையைக் கழட்டு, போட்டோ எடுக்கலாம்னு சொன்னா? பத்துக் கேள்வியில் இரண்டு இப்படி இருந்தால் போதும். பிள்ளைக்கு அதுவும் பாலைப்போல, நாயைப்போல ஒரு விஷயம்தான். பதில் தெரிந்திருப்பதால் தைரியம்தான் வரும். கடைசியில், "யார்கிட்ட சொல்வ?" என்று கேட்டு விரல் விட்டு எண்ணச் சொல்வேன். அம்மா, அப்பா, அம்மாச்சி, டீச்சர், சித்தி. ஐந்து விரலுக்கு ஐந்து பேர். முதலில் சொன்னவர் கேட்காவிட்டால் அடுத்த விரல்.

தவறாகப் போகிறது என்பதும் நமக்குத் தெரிந்துவிடும். நாம் சொன்ன பிறகு பிள்ளை அம்மாவையே கழுவவிடாமல் அழுதாலோ, மாமா தோளில் கை வைத்ததற்கெல்லாம் கத்தினாலோ, நாம் அதிகமாகச் சொல்லிவிட்டோம் அல்லது கடுமையான குரலில் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். அப்போது, "தோளைத் தட்டுறது, தூக்கிக்கிறது எல்லாம் பரவாயில்லை, உனக்குப் பிடிச்சா போதும்" என்று விதியைச் சுருக்கித் திரும்பச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்காமலேயே, அதுவும் ஒரே ஒரு ஆளைக் கண்டு மட்டும் பிள்ளை ஒதுங்கினால், அதைப் பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடாமல் ஏன் என்று பாருங்கள்.

இனி நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குச் சொல்லும் விதியை நாமே இரண்டு விதத்தில் கலைத்துவிடுகிறோம்.

ஒன்று, ரகசியம். சாக்லேட்டை மறைத்துக் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொல்லாத தாத்தா பாட்டி உண்டா? தப்பாக நடப்பவனும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறான். பெரியவர்கள் சொல்லாதே என்றால் சொல்லக்கூடாது என்ற பழக்கத்தை நாமே போட்டுக் கொடுக்க வேண்டாம். பிள்ளைக்கு வித்தியாசம் இப்படிப் புரியும்: பிறந்தநாள் பரிசு ஒரு 'சர்ப்ரைஸ்', கொஞ்ச நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். எப்பவுமே சொல்லக்கூடாது என்று யாராவது சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும். சாக்லேட்டை அம்மா எதிரிலேயே கொடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்வோம், நமக்குப் பழக்கம்தானே.

இரண்டாவது, முத்தம். "தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு" என்கிறோம். பிள்ளை நெளிந்தால், "குடுக்கலேன்னா தாத்தா அழுவாங்க" என்கிறோம், இழுத்துப் பிடித்துக் கன்னத்தைக் கிள்ளுகிறோம். சென்ற பொங்கலுக்கு என் கொழுந்தனார் வந்திருந்தபோது பேத்தி முத்தம் கொடுக்கமாட்டேன் என்றாள். நான், "வேணாம்னா விடுங்க தம்பி, வணக்கம் சொல்லட்டும்" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "என்னை என்னன்னு நினைச்சுட்டீங்க அண்ணி?" என்றார். "உங்களைப் பத்தி இல்ல. உங்ககிட்ட வேணாம்னு சொல்லிப் பழகினாத்தான் நாளைக்கு வேற ஒருத்தன்கிட்ட சொல்வா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்ட, அவள் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பெரியவர்களுக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மரியாதை வணக்கத்தில் இருக்கிறது. தன் உடம்பைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது மரியாதை என்று பிள்ளைக்குப் படக்கூடாது.

இத்தனை சொன்னாலும் விதிக்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையால் பெரிய ஆளைத் தடுக்க முடியாது. பயத்தில் உறைந்துபோய்க் கத்த முடியாமல் போகலாம். கோக்ரேன் பார்த்த ஆய்வுகளிலும், கற்ற பிள்ளைகளுக்குக் கொடுமை குறைந்ததா என்பது நிரூபணம் ஆகவில்லை. ஆகையால், "நீ கத்தணும், ஓடணும்" என்று கட்டளையாகச் சொல்லாதீர்கள். கத்தாத பிள்ளை, தப்பு தன்னுடையது என்று வாயை மூடிக்கொள்ளும். "முடிஞ்சா வேணாம்னு சொல்லு. முடியலேன்னாலும் பரவாயில்ல. எப்போ வேணும்னாலும் வந்து சொல்லு, எத்தனை நாள் ஆனாலும் சொல்லு" என்று சொல்லுங்கள். காவல் காப்பது நம் வேலை. பிள்ளையின் வேலை சொல்வது மட்டும்தான்.

அப்படி ஒரு நாள் அது வந்து சொன்னால், அந்த ஐந்து நிமிஷம் முக்கியம். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பு இல்ல. நாங்க பார்த்துக்கிறோம்" என்று மூன்று வாக்கியம் போதும். "அவரா? இருக்காதே", "ஏன் அப்பவே சொல்லல?" இரண்டும் வேண்டாம். துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் திரும்பச் சொல்லவைக்கவும் வேண்டாம். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காதீர்கள்.

பிறகு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமே என்று பலர் தயங்குகிறார்கள். அதே சட்டம், பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே அல்லது அது விரும்பும் இடத்தில், கூடுமானவரை ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டரைக் கொண்டு, சீருடை இல்லாமல் பதிய வேண்டும் என்கிறது. ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. பத்திரிகையில் பெயரும் வரக்கூடாது.

குடும்ப மானம் போய்விடும் என்று சொல்லி இதை அமுக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான். நம் வார்த்தைக்கு வீட்டில் இன்னும் எடை இருக்கிறது. "பிள்ளை சொல்றது நிஜம், போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று முதலில் சொல்லும் வாய் நம்முடையதாக இருந்தால், மற்றவர்கள் எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள்.